நியூயார்க் சர்வரில் 34 எம்பிபிஎஸ்: அது உங்கள் லைனின் வேகமா?

கேள்வி: "கோயம்புத்தூரில் 200 எம்பிபிஎஸ் ஃபைபர் போட்டிருக்கிறேன், அப்லோட் பிளானே 20 தான். வேலை அமெரிக்கக் கம்பெனிக்கு என்பதால் ஸ்பீட் டெஸ்டில் நியூயார்க் சர்வரைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தேன். டவுன்லோட் 34, பிங் 238, ஜிட்டர் 21. தானாக எடுக்கும் சென்னை சர்வரில் 196, பிங் 11, ஜிட்டர் 2. நெட்காரர் சென்னை ரிசல்ட்டைக் காட்டி எல்லாம் சரி என்கிறார். ஆனால் சாயந்திர மீட்டிங்கில் என் குரல் உடைகிறது என்கிறார்கள். யார் சொல்வது சரி? 300 பிளானுக்கு மாறினால் தீருமா?"

இதில் இரண்டு விஷயங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. தூரத்து சர்வரில் வேகம் ஏன் விழுகிறது என்பது ஒன்று. குரல் ஏன் உடைகிறது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் அநேகமாகச் சம்பந்தம் இல்லை. நான் ஒரு பிராட்பேண்ட் நிறுவனத்தின் நெட்வொர்க் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன். இந்த இரண்டும் ஒரே புகாராக வருவதை அடிக்கடி பார்த்திருக்கிறேன். வேகத்தைப் பொறுத்தவரை உங்கள் நெட்காரர் சொல்வது சரி. "எல்லாம் சரி" என்று அவர் முடித்துவிடுவதுதான் தவறு, ஏனென்றால் உங்கள் மீட்டிங் கெடுவதற்கான காரணத்தை அந்த ரிசல்ட் காட்டவே காட்டாது.

முதலில் அந்த 238. ஃபைபரில் ஒளி ஒரு செகண்டுக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போய்த் திரும்ப வேண்டும் என்பதால், 100 கிலோமீட்டர் தூரத்துக்கு 1 மில்லி செகண்ட் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். இங்கிருந்து நியூயார்க் நேர்கோட்டில் சுமார் 13,500 கிலோமீட்டர். கேபிள் நேர்கோட்டில் போனால்கூட 135 மில்லி செகண்டுக்குக் கீழே பிங் வர வழியில்லை. உண்மையில் கேபிள் கடலோரமாக வளைந்து, ஐரோப்பா வழியாகவோ சிங்கப்பூர், பசிபிக் வழியாகவோ சுற்றிப் போகிறது. அதனால் 200 முதல் 250 வரை வருவது இயல்பு. பணம் அதிகம் கொடுத்தாலும், பிளானை மாற்றினாலும், இந்த எண் பெரிதாகக் குறையாது.

சரி, பிங் அதிகமென்றால் டவுன்லோட் ஏன் குறைய வேண்டும்? ஸ்பீட் டெஸ்ட்கள் பெரும்பாலும் டிசிபி முறையில்தான் டேட்டாவை அனுப்புகின்றன. அனுப்பும் சர்வர் ஒரு குறிப்பிட்ட அளவு டேட்டாவை அனுப்பிவிட்டு, "வந்து சேர்ந்தது" என்ற ஒப்புகை திரும்பி வரும்வரை அதற்கு மேல் அனுப்பாது. மொத்த வியாபாரி கடனுக்குச் சரக்கு கொடுப்பது போலத்தான்: ஆளுக்கு இவ்வளவு என்று ஒரு வரம்பு, பழைய பாக்கி வந்தால்தான் அடுத்த சரக்கு. பக்கத்து ஊர்க் கடைக்காரர் மறுநாளே பணம் தந்துவிடுவார், அதே கடன் வரம்பில் மாதம் முழுக்கச் சரக்கு ஓடும். வெளிமாநிலக் கடைக்காரரின் பணம் வர மூன்று வாரமானால், ரோடு எவ்வளவு அகலமாக இருந்தாலும் ஓடும் சரக்கு குறைவுதான்.

உங்கள் எண்களிலேயே பார்ப்போம். 200 எம்பிபிஎஸ் லைனை நிரப்ப, எந்த நேரத்திலும் வழியில் இருக்க வேண்டிய டேட்டா = வேகம் × போய்வரும் நேரம். சென்னைக்கு 200 × 0.011, அதாவது 2.2 மெகாபிட், சுமார் 275 கிலோபைட். நியூயார்க்குக்கு 200 × 0.238, அதாவது 47.6 மெகாபிட், கிட்டத்தட்ட 6 மெகாபைட். அதே லைன், அதே கம்ப்யூட்டர். ஆனால் ஒப்புகை இல்லாமல் வழியில் விட வேண்டிய டேட்டா 20 மடங்குக்கு மேல். உங்களுக்குக் கிடைத்த 34-ஐ 0.238-ஆல் பெருக்கினால் 8 மெகாபிட், அதாவது 1 மெகாபைட் வரும். சராசரியாக 1 மெகாபைட்தான் வழியில் இருந்திருக்கிறது. 34 என்ற எண் சொல்வது அவ்வளவுதான்.

அது ஏன் 6 மெகாபைட் வரை ஏறவில்லை? டிசிபி எடுத்தவுடன் முழு வேகத்தில் அனுப்பாது. டேட்டா பாக்கெட் என்ற சிறு துண்டுகளாகப் போகும்; வழக்கமாக 10 பாக்கெட்டில், சுமார் 14.6 கிலோபைட்டில் ஆரம்பித்து, ஒவ்வொரு போய்வருதலுக்கும் இரட்டிப்பாக்கும். 275 கிலோபைட்டை எட்ட 5 முறை இரட்டிப்பானால் போதும். 11 மில்லி செகண்ட் வீதம் 55 மில்லி செகண்டில் முடிந்துவிடும். 6 மெகாபைட்டை எட்ட 9 முறை வேண்டும். 238 வீதம் 2 செகண்டுக்கு மேல் போய்விடும். பத்துப் பதினைந்து செகண்ட் ஓடும் டெஸ்டில் இது கொஞ்சம் கடிக்கும், ஆனால் பெரிய அடி இதுவல்ல. பெரிய அடி, பாக்கெட் தொலைவது. ஒரு பாக்கெட் தொலைந்தால் டிசிபி வேகத்தைக் குறைத்துவிட்டு மறுபடி ஏற ஆரம்பிக்கும். ஏறும் வேகமும் போய்வரும் நேரத்தைப் பொறுத்ததுதான். பழைய ரீனோ வகை டிசிபிக்கான சூத்திரப்படி, பத்தாயிரத்தில் ஒரு பாக்கெட் தொலைந்தால் 11 மில்லி செகண்ட் தூரத்தில் ஒரு இணைப்பு 130 எம்பிபிஎஸ் வரை போகும். 238 மில்லி செகண்ட் தூரத்தில் அதே இழப்புக்கு 6 எம்பிபிஎஸ்தான். இன்று பரவலாக உள்ள கியூபிக் வகை நீண்ட தூரத்தில் இதைவிட நன்றாக ஓடும், ஆனால் சரிவு எந்தப் பக்கம் என்பதில் மாற்றமில்லை.

இதுவரை சொன்னது நிச்சயம். நிச்சயமில்லாதது, உங்கள் 34-க்கு இதில் எது காரணம் என்பது. பாக்கெட் இழப்பாக இருக்கலாம், அந்த சர்வரின் பஃபர் அளவாக இருக்கலாம், சர்வரே அந்த நேரத்தில் திணறியிருக்கலாம், உங்கள் நெட் நிறுவனத்தின் வெளிநாட்டு லிங்க் சாயந்திரம் நிரம்பியும் இருக்கலாம். ஒரே ஒரு டெஸ்டை வைத்து யாராலும் இதைச் சொல்ல முடியாது. ஆனால் ஓரளவு பிரித்துப் பார்க்க வழி உண்டு. ஊக்லாவின் ஸ்பீட் டெஸ்டில் Connections என்ற இடத்தில் Multi, Single என்று இரண்டு இருக்கும். அதே நியூயார்க் சர்வரை இரண்டிலும் போட்டுப் பாருங்கள். Single-இல் 9, Multi-இல் 34 என்று வந்தால், ஒவ்வொரு இணைப்பும் தன் வரம்பில் நிற்கிறது, குழாயில் இன்னும் இடமிருக்கிறது என்று பொருள். இரண்டிலும் 30-ஐ ஒட்டியே வந்தால் வழியில் எங்கோ அடைப்பு, அல்லது அந்த சர்வர் அவ்வளவுதான் தரும். காலை ஆறு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் போட்டு, சென்னை எண் மாறாமல் நியூயார்க் எண் மட்டும் இரவில் பாதியானால், வெளிநாட்டு வழியில் நெரிசல் என்று சந்தேகிக்கலாம். அதுவும் சந்தேகம்தான், நிரூபணம் ஆகாது.

பக்கத்து சர்வரும் ஒரு வகையில் ஏமாற்றும், அதையும் சொல்லிவிட வேண்டும். டெஸ்ட் தானாக எடுக்கும் சர்வர் பல நேரம் உங்கள் நெட் நிறுவனத்தின் சொந்த நெட்வொர்க்குக்குள்ளேயே இருக்கும். அங்கே 196 வந்தால், உங்கள் வீட்டிலிருந்து அவர்கள் கூடம் வரை லைன் நன்றாக இருக்கிறது என்று மட்டுமே அர்த்தம். அங்கிருந்து வெளியே போகும் பாதையைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. Change Server-ஐ அழுத்தி, அதே சென்னையில் வேறொரு நிறுவனம் நடத்தும் சர்வரை எடுங்கள். ஒவ்வொரு சர்வருக்கும் கீழே நடத்துபவர் பெயர் இருக்கும். அங்கேயும் 180, 190 வந்தால் பிளான் வேகம் பற்றிய பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளலாம்.

இனி மீட்டிங். குரல் தாமதமாக வருவது வேறு, உடைந்து வருவது வேறு. தாமதம் என்றால் நீங்கள் பேசி முடித்தபின் மறுமுனை ஒரு கணம் கழித்துப் பதில் சொல்லும், இருவரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பிப்பீர்கள். சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியு-வின் ஜி.114 பரிந்துரை, ஒருவழித் தாமதம் 150 மில்லி செகண்டுக்குள் இருந்தால் பெரும்பாலான உரையாடலுக்குக் குறையில்லை என்கிறது. உங்கள் 238 போய்வரும் கணக்கு. ஒருவழிக்குச் சுமார் 119. அதோடு செயலியின் உள்வேலைகளும் சேர்ந்தால் 150-ஐ ஒட்டியோ சற்றுத் தாண்டியோ நிற்கும். லேசாக உறுத்தும், அவ்வளவுதான். குரலை உடைக்காது. வேகமும் காரணமில்லை: குரலுக்கு 0.1 எம்பிபிஎஸ்-கூட வேண்டாம், வீடியோ சேர்த்தாலும் சில எம்பிபிஎஸ்தான்.

குரல் உடைவது, பாக்கெட்கள் ஒழுங்கற்ற இடைவெளியில் வரும்போது. கேட்கும் முனையில் செயலி ஒரு சின்ன பஃபர் வைத்துக்கொண்டு, சில பத்து மில்லி செகண்ட் காத்திருந்து வரிசைப்படுத்தி ஒலிக்கவிடும். அந்தக் காத்திருப்புக்குப் பின் வரும் பாக்கெட், பத்திரமாக வந்து சேர்ந்தாலும், குப்பைக்குத்தான் போகும். அப்புறம், இந்த ஏற்ற இறக்கத்தைக் காட்டும் ஜிட்டரைத்தானே பார்க்க வேண்டும், அது சென்னைக்கு 2 தானே என்று கேட்பீர்கள். சிக்கல் இங்கேதான். ஜிட்டர் என்று திரையில் வரும் ஒற்றை எண், ஊக்லா டெஸ்டில், அடுத்தடுத்த பிங்குகளுக்கு இடையிலான வித்தியாசங்களின் சராசரி. இந்தச் சராசரி எதையெல்லாம் மறைக்கும் என்று 21 பிங் வைத்துப் பார்ப்போம். முதல் லைனில் 12, 14, 12, 14 என்று மாறிமாறி வருகிறது. எல்லா வித்தியாசமும் 2, ஆகவே ஜிட்டர் 2. இரண்டாவது லைனில் எல்லாம் 12, நடுவில் ஒன்று மட்டும் 32. ஏற ஒரு 20, இறங்க ஒரு 20, மொத்தம் 40. அதை 20 இடைவெளிகளால் வகுத்தால் 2. மூன்றாவது லைனில் 12, 14, 16, 18 என்று ஏறிக்கொண்டே போய் 52-இல் நிற்கிறது. ஒவ்வொரு படியும் 2 தான், ஜிட்டரும் 2 தான்.

மூன்றும் ஒன்றா? முதல் லைனில் பிரச்சினையே இல்லை. இரண்டாவதில் எப்போதாவது ஒரு துள்ளல். அந்தத் துள்ளல் 20-க்குப் பதில் 200 ஆகி, அடிக்கடி வந்தால் குரல் உடையும். மூன்றாவதில் எங்கோ ஒரு வரிசை நிரம்பிக்கொண்டிருக்கிறது. இன்னும் சில செகண்டில் அது நூறைத் தாண்டும். லினக்ஸின் பிங் கட்டளை காட்டும் mdev வேறு விதம், சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகிறது என்ற கணக்கு. அதில் இந்த மூன்றும் சுமார் 1, 4, 12 என்று பிரிந்து தெரியும். ஒரு செயலியின் ஜிட்டரை இன்னொரு செயலியின் ஜிட்டரோடு ஒப்பிடக்கூடாது என்பதற்கும் இதுதான் காரணம். நியூயார்க்கின் 21-ஐயும் இதே கண்ணோடு பாருங்கள். அந்த வழியில் உள்ள அத்தனை ரௌட்டர்களின் ஏற்ற இறக்கமும், உங்கள் வீட்டு வைஃபையின் துள்ளலும் சேர்ந்த கூட்டுத்தொகை அது. எது யாருடையது என்று அதிலிருந்து பிரிக்க முடியாது.

இன்னொன்று, பெரிதாகத் திரையில் தெரியும் பிங்கும் ஜிட்டரும் டவுன்லோட் தொடங்கும் முன்பு, லைன் சும்மா இருக்கும்போது எடுத்தவை. உங்கள் மீட்டிங் நடப்பதோ சாயந்திரம், வீட்டில் எல்லோரும் வந்து போன்கள் வைஃபையில் சேர்ந்து, அன்றைய போட்டோ வீடியோக்களை மேலே ஏற்றும் நேரத்தில். உங்கள் அப்லோட் 20 எம்பிபிஎஸ். வெளியே போகும் பாதையில் உள்ள பெட்டியில் 1 மெகாபைட் பஃபர் இருப்பதாக வையுங்கள். அது நிரம்பினால் 8 மெகாபிட்டை 20 எம்பிபிஎஸ்-இல் காலி செய்ய 0.4 செகண்ட், அதாவது 400 மில்லி செகண்ட் ஆகும். உங்கள் குரல் பாக்கெட் அந்த வரிசையின் வாலில் நிற்கும். அப்லோட் கொஞ்சம் ஓய்ந்தால் வரிசை குறையும், மறுபடி நிரம்பும். நீங்கள் அவர்களைத் தெளிவாகக் கேட்பீர்கள், அவர்களுக்கு உங்கள் குரல்தான் உடையும். நீங்கள் எழுதியிருப்பதும் அதேதான், அதனால் என் முதல் சந்தேகம் இதில். இதை பஃபர்ப்ளோட் என்பார்கள். 2010-ஐ ஒட்டி ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் தன் வீட்டு லைனில் பார்த்து எழுதியபின் பரவிய பெயர்.

ஊகத்தோடு நிற்காமல் சோதித்துவிடலாம். விண்டோஸில் முதலில் இதைப் போடுங்கள்:

```
tracert -d 1.1.1.1
```

முதல் வரியில் வருவது உங்கள் ரௌட்டர். அடுத்து பதில் தரும் முகவரி, பெரும்பாலும் நிறுவனத்தின் முதல் சாதனம். (1.1.1.1 அமெரிக்காவில் இல்லை; ஒரே முகவரிக்குப் பல ஊர்களில் சர்வர்கள் உண்டு, பொதுவாக அருகில் உள்ளது பதில் சொல்லும். இதற்கு 10 வருகிறது என்பதால் அமெரிக்கா 10-இல் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள்.) பிறகு இரண்டு ஜன்னல்களில் ஒரே நேரத்தில்:

```
ping -n 300 192.168.1.1 > veedu.txt
ping -n 300 1.1.1.1 > veliye.txt
```

முதல் முகவரிக்குப் பதில் உங்கள் ரௌட்டரின் முகவரியைப் போடுங்கள். ஐந்து நிமிடம் ஓடும். முதல் இரண்டு நிமிடம் லைனைச் சும்மா விடுங்கள். மூன்றாவது நிமிடம் போனிலிருந்து ஒரு பெரிய வீடியோவை டிரைவில் ஏற்றுங்கள். நான்காவது நிமிடம் நிறுத்திவிடுங்கள். விண்டோஸ் கடைசியில் தரும் Average-ஐ நம்பாமல் ஃபைலைத் திறந்து வரிவரியாகப் பாருங்கள்.

அப்லோட் ஓடிய நேரத்தில் மட்டும் veliye.txt 11-லிருந்து நூறு, இருநூறு என்று ஏறி, veedu.txt அமைதியாக இருந்தால், வரிசை உங்கள் அப்லோடில்தான் நிற்கிறது. அப்லோட் இல்லாதபோதும் veedu.txt-இலேயே 2, 3, 2, 90, 4, 150 என்று துள்ளினால் குற்றவாளி வைஃபை. லேப்டாப்பை லேன் கேபிளில் போட்டு மறுபடி பாருங்கள், அநேகமாக எல்லா வரியும் 1 மில்லி செகண்டுக்குள் அடங்கிவிடும். veedu.txt சுத்தமாக, அப்லோடும் இல்லாமல், veliye.txt மட்டும் துள்ளினாலோ Request timed out வந்தாலோ அப்போது நெட்காரரைக் கூப்பிட நியாயம் உண்டு. tracert-இல் நடுவில் ஒரு வரி மட்டும் 300 காட்டி, அதற்குப் பின் வரும் வரிகள் குறைவாக இருந்தால் அதைப் புகாராகக் கொண்டு போகாதீர்கள்; அந்த ரௌட்டர் பிங்குக்குப் பதில் சொல்வதைக் கடைசி வேலையாக வைத்திருக்கிறது, போக்குவரத்தை ஒழுங்காகத்தான் கடத்துகிறது. மீட்டிங் நடக்கும்போதே ஜூமில் Settings, அதில் Statistics, டீம்ஸில் Call health என்ற இடங்களில் தாமதம், ஜிட்டர், இழப்பு மூன்றும் தெரியும். உங்கள் குரல் உண்மையில் போகும் பாதையின் எண்கள் அவை, நியூயார்க் டெஸ்டைவிட நம்பகமானவை.

300 பிளான் பற்றி. டவுன்லோட் மட்டும் ஏறி அப்லோட் 20-லேயே நின்றால் மீட்டிங்கில் ஒரு மாற்றமும் இருக்காது. அப்லோடும் 100 ஆகிறது என்றால் அந்த 400 மில்லி செகண்ட் 80 ஆகச் சுருங்கும், அப்போது பயன் உண்டு. அவர்களிடம் அதை மட்டும் கேளுங்கள். பணம் செலவழிக்கும் முன், போன்களின் போட்டோ பேக்கப்பை இரவு தூங்கும் நேரத்துக்குத் தள்ளிப் பாருங்கள். அது போதவில்லை என்றால் வரிசை நீளாமல் பார்த்துக்கொள்ளும் எஸ்க்யூஎம் வசதி உள்ள ரௌட்டர், உதாரணமாக ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற ரௌட்டர் மென்பொருள் ஓடக்கூடிய ஒன்று. அதில் அப்லோடை அளந்த வேகத்தில் 85 முதல் 90 சதவீதத்துக்கு, உங்கள் விஷயத்தில் 17 அல்லது 18 எம்பிபிஎஸ்-க்கு, கட்டிவிடுங்கள். வரிசை நிறுவனத்தின் பெட்டியில் தேங்காமல் உங்கள் ரௌட்டருக்கு வரும், அது குரல் பாக்கெட்டை முன்னால் விடும். நிறுவனங்கள் கொடுக்கும் பெட்டிகளில் இந்த வசதி பெரும்பாலும் இருப்பதில்லை.

நியூயார்க் டெஸ்டையே தூக்கிப் போடச் சொல்லவில்லை. அலுவலக விபிஎன் வழியாக அங்கேயிருந்து பெரிய ஃபைல்களை இறக்குகிறீர்கள் என்றால், Single போட்டு வரும் எண் உங்கள் அன்றாட அனுபவத்துக்கு நெருக்கமானது. அதை 200-ஓடு ஒப்பிடாதீர்கள், அதே சர்வரில் போன வாரம் வந்ததோடு ஒப்பிடுங்கள். இறக்கும் மென்பொருள் ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறக்கக்கூடியதா என்று உங்கள் ஐடி ஆட்களிடம் கேளுங்கள். இந்தத் தூரத்துக்கு 300 பிளானைவிட அது அதிகம் கைகொடுக்கும்.